மெஷினில் போட்ட பணம் கணக்கில் ஏறவில்லை, அடுத்து என்ன எழுதணும்?

எல்லாருக்கும் வணக்கம். கேஷ் டெபாசிட் மெஷினில் ஐநூறு ரூபாய்த் தாள் 40 போட்டேன். எண்ணி முடித்து திரையில் 20,000 என்று காட்டியது. சரி என்று அழுத்தினதும் உள்ளே ஏதோ உரசுகிற சத்தம், திரை அப்படியே நின்றுவிட்டது. பணம் திரும்பி வரவில்லை. ஸ்லிப் மட்டும் வந்தது. அதில் மெஷின் எண், பரிவர்த்தனை எண், நேரம் இருக்கு, தொகை இருக்க வேண்டிய இடம் காலி. வெப்பத்தாள் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்தேன்.

கிளையில் புகார் கொடுத்தேன். பத்து நாள் கழித்து "மெஷினில் கூடுதல் பணம் இல்லை" என்று ஒரே வரியில் பதில். இது எனக்குச் சரியாகப் படவில்லை. தாள் உள்ளே சிக்கியிருந்தால் பெட்டியில் உள்ளதை மட்டும் எண்ணினால் அது கணக்கில் வராதே? அதனால் அந்தப் பரிவர்த்தனையின் ஜர்னல் பதிவையும், அன்றைய பண இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையையும் எழுத்தில் கேட்கப் போகிறேன்.

கேமரா பதிவுதான் பெரிய கவலை. கொஞ்ச காலத்தில் அதன்மேலேயே புதுப் பதிவு ஏறிவிடுமாம். நேரத்தைக் குறிப்பிட்டு "அழிக்காமல் வையுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஆனால் கேமராவில் நான் தாள் வைப்பது தெரியும், எத்தனை தாள் என்பது தெரியாதே.

இப்படிச் சிக்கி, பணத்தைத் திரும்ப வாங்கினவர்கள் இருக்கீங்களா? மேல்முறையீட்டில் எந்தப் பதிவை முதலில் கேட்டீர்கள்? உங்கள் கடிதத்தின் வாசகத்தைப் பகிர்ந்தால் பெரிய உதவி.