எந்த நாளில் வருத்தம் வரும் என்று எழுதித் தரச் சொன்னார்

பரந்தன் சந்தி

மார்கழியில் டெங்கு வந்தது. ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது, குருதித்தட்டுகள் ஏறின, வீட்டுக்கு அனுப்பினார்கள். களைப்பு மட்டும் விடவில்லை. இது எட்டாவது மாதம். நுண்கடன் நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தர் நான். ஸ்கூட்டியில் ஒரு நாளைக்கு நாலு கிராமம். அது எப்படிப்பட்ட வேலை என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தரும்படி முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்தேன். "எனது உடல்நிலை முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி மாறுகிறது" என்று எழுதியிருந்தேன். அவர் கெட்டவரல்லர். காய்ச்சலில் கிடந்தபோது செவ்விளநீர் கொண்டுவந்து தந்தவர். வாசித்துவிட்டுக் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை முழங்காவில் வரை போய் வந்தீர்கள். புதன்கிழமை இங்கே இருந்து சிரித்துப் பேசினீர்கள். வியாழன் என்ன நடந்தது?"

வியாழன் நடந்தது இதுதான். அக்கராயனில் ஒரு வீட்டு விறாந்தையில் குழுக்கூட்டம். ஒரு அம்மா ஐயாயிரம் ரூபாய் தந்தார், தவணை 3,850. மீதி எவ்வளவு என்று எனக்குக் கணக்கு வரவில்லை. இலக்கங்கள் தெரிகின்றன, கழிக்க முடியவில்லை. கடைசியில் அந்த அம்மாவே பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வாங்கி எழுதி, என் கையொப்பத்துக்கு மட்டும் நீட்டினார்.

இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எந்தெந்த நாளில் வருத்தம் வரும் என்று ஒரு அட்டவணை எழுதித் தாருங்கள், அதற்கேற்ப ஆட்களை ஒழுங்கு செய்கிறேன்" என்றார். கிண்டல் இல்லை. பேனையைக்கூட நீட்டினார். அந்தப் பேனை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மல்லாவி வாத்தியார்

எனக்குக் கொரோனாவுக்குப் பிறகு. கரும்பலகைக்கு முன்னால் நின்றால் பதினைந்து நிமிடத்தில் கண் மங்கும், நெஞ்சு அடிக்கும். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. வைத்தியர் படுக்கவைத்து நாடி பார்த்தார், 74. சுவரில் சாய்ந்து அசையாமல் பத்து நிமிடம் நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார், 112. குருதி அமுக்கம் இறங்கவில்லை. முப்பதுக்கு மேல் கூடினால் அது மனப்பிரமை அல்ல என்றார். அந்த இரண்டு இலக்கங்களைத் துண்டில் எழுதித் தந்ததால்தான் அதிபர் வகுப்பில் ஒரு கதிரை போடச் சம்மதித்தார். "களைப்பு" என்று வாயால் சொன்ன ஐந்து மாதமும் யாரும் அசையவில்லை.

விசுவமடு விளையாட்டுவீரன்

யாரும் கோபிக்க வேண்டாம். படுத்தே கிடந்தால் தசை கரையும், பிறகு எழும்பவே முடியாது. எனக்கு சிக்குன்குனியா வந்து மூன்று வாரம் கிடந்தேன். பிறகு தினமும் பத்து நிமிடம் கூட்டிக் கூட்டி நடந்தேன், இரண்டு மாதத்தில் பந்து அடித்தேன். அந்தச் சகோதரியும் ஒவ்வொரு வாரமும் ஒரு கிராமம் கூட்டட்டும். மனத்தைத் தளர விடக்கூடாது. அதிகாலையில் வெந்நீர், ஒரு பிடி கடலை, இரவு எட்டு மணிக்குப் படுக்கை, கைபேசி வேண்டாம். எங்கள் கழகத்தில் ஒரு பொடியனுக்கு இப்படித்தான் சரியானது. முருங்கையிலையும் சேர்க்கலாம். மதியத்தில் தூங்கவே கூடாது.

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா

தம்பி, உங்களுக்கு நடந்தது உண்மை. கிடந்து தளர்ந்த உடம்புக்கு அதுதான் வழி. ஆனால் அந்தப் பிள்ளையின் கதையைத் திரும்ப வாசியுங்கள். செவ்வாய் உழைப்பு, புதன் சிரிப்பு, வியாழன் விழுகை. தளர்ந்த உடம்பு உழைக்கும்போதே களைக்கும். இது பன்னிரண்டு மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து வந்து அடிக்கிறது, உழைப்பின் அளவுக்குப் பொருந்தாமல் அடிக்கிறது, தலையையும் சேர்த்து மங்கவைக்கிறது. இப்படிப்பட்டவரை வாரம் தவறாமல் கூட்டச் சொன்னால் நாலாம் வாரம் கட்டிலில்தான் காண்பீர்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, நாட்பட்ட களைப்பு நோய்க்கான 2021 வழிகாட்டியில், உடற்பயிற்சியை அப்படிக் கணக்குப்போட்டுக் கூட்டிக்கொண்டு போகும் முறையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பிள்ளை, முதலில் குருதிச்சோகை, தைரொய்ட், சீனி மூன்றும் பார்த்தாயிற்றா? டெங்குவின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேறொன்றைத் தவறவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அட்டவணை கேட்டாரல்லவா, கொடுங்கள். ஆனால் வரப்போகும் நாட்களை அல்ல, போன நாட்களை. மூன்று வாரம், ஒரு நாளுக்கு ஒரு வரி: எத்தனை கிராமம், எவ்வளவு நேரம் வெயிலில் நின்றீர்கள், எவ்வளவு நேரம் கணக்குப் பார்த்தீர்கள், இரவு தூங்கினீர்களா. விழுந்த நாளை வட்டமிட்டு, அதற்கு முந்திய இரண்டு நாட்களை விரலால் தடவிப் பாருங்கள். நாள் தெரியாது, காரணம் தெரியும். கடிதத்தில் "முன்கூட்டிச் சொல்ல முடியாது" என்று எழுதினால் வாசிப்பவருக்கு, "நினைத்தபோது நிற்பேன்" என்றுதான் கேட்கும். "இவ்வளவுக்கு மேல் செய்தால் இரண்டாம் நாள் விழுவேன்" என்று எழுதினால் அவர் திட்டம் போடலாம்.

வேலையைத் தொடங்குவது, விழாமல் செய்த அளவில். நல்ல நாளில் செய்த அளவில் அல்ல. இரண்டு வாரம் அதே அளவில் நின்று பார்த்து, விழவில்லை என்றால் மட்டும் ஒன்றைக் கூட்டுங்கள்: தூரத்தையோ, நேரத்தையோ, கணக்கையோ. இரண்டைச் சேர்த்துக் கூட்டினால் எது விழுத்தியது என்று தெரியாது. விழுந்தால் முந்திய படிக்குத் திரும்புவது என்பதையும் முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சறுக்கலுக்கும் புதிதாகக் கெஞ்ச வேண்டிவரும்.

விசுவமடு விளையாட்டுவீரன்

அம்மா, நான் மனத்தைப் பற்றித்தான் சொன்னேன். மூன்று வாரம் வருத்தத்தையே எழுதிக்கொண்டிருந்தால் அதுவே மனத்தில் குடியேறாதா?

துணுக்காய்க் கமக்காரன்

நான் அரிவு வெட்டுக்கும் மூட்டை ஏற்றவும் போகிறவன். மாசியில் காய்ச்சல் வந்தது, இன்னும் மூட்டை தோளில் ஏறவில்லை. இரண்டு மூட்டை ஏற்றினால் அடுத்த நாள் இல்லை, அதற்கடுத்த நாள் விழுகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தபிறகுதான் அது விளங்கியது. ஆனால் நான் யாருக்குக் கடிதம் கொடுப்பது? உழவு இயந்திரக்காரர் காலையில் கொட்டிலுக்கு வந்து ஆளைப் பார்த்து ஏற்றுகிறார். ஒரு நாள் இல்லை என்றால் மறுநாள் கூப்பிட மாட்டார். அரை நாள் கூலி என்று ஒன்று எங்களிடம் இல்லை. நட்டஈடு ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் எழுதினேன்.

பரந்தன் சந்தி

துணுக்காய் அண்ணாவுக்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

தாதி அம்மா சொன்னபடி மூன்று வாரம் எழுதினேன். குருதிச்சோகை கொஞ்சம் இருந்தது, இரும்புச்சத்துக் குளிசை தொடங்கியாயிற்று. மற்ற இரண்டும் சரி. நாலு தடவை விழுந்திருந்தேன். மூன்றுக்கு முன்னால், இரண்டு நாள் தள்ளி, நாலு கிராமம் போன நாள் இருந்தது. நாலாவதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினேன்.

இரண்டாவது கடிதத்திலிருந்து: "திங்கள், புதன், வெள்ளி காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை, பரந்தனுக்குக் கிட்டிய இரண்டு கிராமங்கள். பணக் கணக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டு வாரம் இப்படிச் சென்றால் ஒரு கிராமம் கூட்டலாம். விழுந்தால் பழைய அளவுக்குத் திரும்புவேன், அன்று காலை ஏழு மணிக்குள் அறிவிப்பேன். ஆறாவது வாரம் இருவரும் இருந்து பார்ப்போம்." வைத்தியரின் துண்டும் "ஓய்வு தேவை" என்று இல்லாமல், எவ்வளவு செய்யலாம் என்று சொல்கிறது.

முகாமையாளர் மூன்று வாரக் குறிப்பை இரண்டு தடவை வாசித்தார். வட்டமிட்ட நாட்களுக்கு முந்திய நாட்களைத் தன் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நாள் அவரே என்னைத் தருமபுரத்துக்கு மேலதிகமாக அனுப்பிய நாள். ஒன்றும் பேசவில்லை. நாலு வாரத்துக்குச் சம்மதித்தார், ஆறு இல்லை. முழங்காவிலை வேறொருவருக்குக் கொடுத்தார். அந்தத் தம்பி இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வேலைக்குப் போகாத நேரம் ஆண்டு விடுமுறையில் கழிகிறது. இன்னும் ஐந்தரை நாள் இருக்கிறது. அது முடிந்த பிறகு சம்பளத்தில் கழிப்பார்களா என்று கேட்டேன், தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.