யுனிவர்சல் டிரைவர் போட்டா ஸ்டேப்ளர் போயிடுமா?

பெகு_தம்பி: பிரிண்டருக்கு கம்பெனி குடுக்குற முழு டிரைவர் பேக்கேஜ் எல்லாம் சும்மா குப்பை, நூத்துக்கணக்கான எம்பி, நம்ம நெட்டுல இறங்கறதுக்குள்ள கரண்ட் போயிடும். பல மாடலுக்கும் ஒண்ணா வர்ற யுனிவர்சல் டிரைவர் போட்டா எல்லாமே வரும், ஒண்ணும் குறையாது. சும்மா பயமுறுத்தாதீங்கப்பா.

ரங்கூன்_அச்சு: ஒண்ணும் குறையாதா? தம்பி, போன பங்குனிக்கு கோயில் புஸ்தகம் 48 பக்கம், ஏ4ல 12 தாள், நடுவுல மடிச்சு ரெண்டு பின் அடிச்சு தரணும். கடைப் பையன் யுனிவர்சல்தான் போட்டிருந்தான். பிரிண்டிங் பிரிஃபரன்ஸ்ல ஸ்டேப்பிள் இருக்குற இடம் மங்கிப்போய் கிடக்கு, கிளிக்கே ஆகல. மெஷின்ல மடிச்சு பின் அடிக்கிற ஃபினிஷர் முழுசா நிக்குது, கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியல.

பெகு_தம்பி: அது உங்க பையன் தப்புண்ணே, டிரைவர் தப்பு இல்ல.

மோல்மேன்_அக்கா: ஸ்டேப்பிளை விடுங்க, எனக்கு யுனிவர்சல் போட்டதுலேர்ந்து பக்கம் பக்கமா குப்பை வருது. முதல் வரியில `%!PS-Adobe-3.0`னு இருக்கு, வைரஸா?

ரங்கூன்_அச்சு: வைரஸ் இல்லக்கா. நீங்க இறக்குனது போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை, உங்க மெஷினுக்கு அந்த பாஷை தெரியாது, அதனால கட்டளையையே எழுத்தா அடிச்சுத் தள்ளுது. மெஷின் பிசிஎல் 6ங்கிற பாஷையை எடுக்குதான்னு பார்த்துட்டு அதையே போடுங்க. விலை கம்மியான சிலதுக்கு ரெண்டுமே தெரியாது, அதுக்கு பெரும்பாலும் அந்த மாடலுக்குன்னே உள்ள கம்பெனி டிரைவர்தான் வழி. கேட்டியா தம்பி, "எல்லாமே வரும்"னு சொன்னியே.

பெகு_தம்பி: அக்கா தப்பா இறக்குனா நான் என்ன பண்ண. ஸ்டேப்ளர் எங்க ஆபீஸ்ல யுனிவர்சல்லயே வருது, கண்ணால பார்த்தேன்.

ஐடி_தாட்டன்: வராது. யுனிவர்சல்ல ரெண்டு பக்கமும் அடிக்கலாம், கலரை மாத்தலாம், அவ்வளவுதான். ஸ்டேப்பிள் எல்லாம் போச்சு. அதோட மைக்ரோசாஃப்ட் 2023லயே சொல்லிட்டான், கம்பெனி டிரைவருக்கு இனி வேலை இல்லைன்னு.

ரங்கூன்_அச்சு: நீயும் பாதி படிச்சிட்டு வந்துட்டியா? விண்டோஸ் அப்டேட் வழியா குடுக்குறதைப் படிப்படியா நிறுத்துறோம்னுதான் அறிவிச்சான், கம்பெனி சைட்ல இறக்கிப் போட தடை எங்க இருக்கு? முதல்ல எந்த டிரைவர் உள்ள உக்காந்திருக்குன்னு பவர்ஷெல்ல பாருங்க ரெண்டு பேரும்:

```
Get-Printer | Select Name, DriverName, PortName
```

டிரைவர் பேர் `Microsoft IPP Class Driver`னு வந்தா அது விண்டோஸோடது, மெஷின் தானா என்ன சொல்லுதோ அது மட்டும் தெரியும், ஸ்டேப்பிள் சில மெஷின்ல வரும் சிலதுல வராது. கம்பெனியே பல மாடலுக்கும் ஒண்ணா பண்ணின யுனிவர்சல்னா அது வேற கதை, ஃபினிஷர் இருக்குன்னு நாம சொல்லணும். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ் (பிரிஃபரன்ஸ் இல்ல, எங்க பையன் அங்கதான் அரை நாள் தேடினான்), அதுல டிவைஸ் செட்டிங்ஸ், அங்க தானா கண்டுபிடிக்கச் சொல்ற அப்டேட் நௌ. மெஷின் தன் விவரத்தை நெட்வொர்க்ல சொல்ற எஸ்என்எம்பிய அணைச்சிருந்தா அதுவும் வாய மூடிக்கும், யுஎஸ்பி, சர்வர் வழியாப் போனாலும் சில நேரம் இதே கூத்து. அப்ப ஃபினிஷரைக் கையால தேர்ந்தெடுத்து அப்ளை குடுத்தா ஸ்டேப்பிள் முழிச்சுக்கும்.

பெகு_தம்பி: அதான் நான் சொன்னேன், வருதுன்னு!

ரங்கூன்_அச்சு: எங்கடா சொன்ன? கையால மாத்தியும் எங்க மெஷினுக்கு நடு மடிப்புத் தையல் பட்டியல்லயே இல்ல, ஓரத்துல பின் அடிக்கிறது மட்டும்தான். மெஷினுக்குன்னே உள்ள டிரைவர் போட்ட பிறகுதான் மடிப்பு வந்துச்சு. பிடிஎஃப்ல புக்லெட் குடுத்தா பக்கம் மட்டும்தான் வரிசையா வரும், பின் அடிக்காது.

ஐடி_தாட்டன்: பாத்தீங்களா, ஸ்டேப்பிள் போச்சுன்னு நான் சொன்னது சரிதானே.

ரங்கூன்_அச்சு: ஓர பின் வந்துச்சுன்னு இப்பதானே எழுதினேன், கண்ணு தெரியலையா?

மோல்மேன்_அக்கா: தம்பிங்களா, எனக்கு ஸ்கேனும் வரலையே, அதுவும் யுனிவர்சலாலயா?

ரங்கூன்_அச்சு: ஆமாக்கா, யுனிவர்சல் அச்சடிக்க மட்டும்தான். ஸ்கேனுக்கு முழு பேக்கேஜ்ல இருக்குற ஸ்கேன் டிரைவர் வேணும், அதை மட்டும் தனியாத் தர்ற கம்பெனியும் உண்டு.

பெகு_தம்பி: ஸ்கேன் பத்தி யாரு கேட்டா. ஸ்டேப்ளர் வருது, அவ்வளவுதான். போன வருஷம் சங்கத்து நோட்டீஸை ஒரு வாரம் லேட்டாக் குடுத்த ஆளு எனக்குப் பாடம் எடுக்குறாரு.

ரங்கூன்_அச்சு: லேட்டானது கரண்டால. சங்கம் இன்னும் அந்தக் காசைக் குடுக்கல, அதையும் எழுதேன்.

ஐடி_தாட்டன்: எஸ்என்எம்பி எல்லாம் எப்பவும் ஆன்லதான் இருக்கும், இவரு கதை விடுறாரு.

ரங்கூன்_அச்சு: உன் மெஷின் ஐபிய பிரவுசர்ல போட்டு நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பாரு, பார்த்துட்டு வந்து பேசு.

பெகு_தம்பி: எப்படியோ, ஸ்டேப்ளர் வருது.