கிளை ஷீற்றுகளை ஒண்டாக்கேக்கை கொலம் ஓர்டர் முக்கியமோ?

நெல்லியடியான்: நாலு கிளையின்ரை மாச ஷீற்றிலயும் கொலம் ஒரே ஓர்டரில இருக்கோணும் எண்டு பெடியளை வதைக்கிறது பழைய ஆக்களின்ரை வேலை. பவர் குவரி பேரைப் பாத்துத்தான் சேர்க்கும், ஓர்டரைப் பாக்காது. இனியாவது விளங்குங்கோ.

சுன்னாகத்துக் கணக்கர்: "பழைய ஆக்கள்" ஆரெண்டு விளங்குது தம்பி. எங்கட கடையில நடந்ததைச் சொல்லுறன். ஒரு கிளை "திரும்பினது" கொலத்தையும் "கழிவு" கொலத்தையும் இடம் மாத்தி அனுப்பிட்டுது. பெடியன் தலைப்பை விட்டிட்டு கீழ கிடந்ததை மட்டும் கொப்பி பண்ணி மாஸ்ரர் ஷீற்றில ஒட்டினான். விற்பனை 412000, திரும்பினது 18500, கழிவு 6200, நிகரம் 387300. ரெண்டையும் மாத்திப் போட்டாலும் ரெண்டுமே கழிபடுறதுதானே, நிகரம் அதே 387300 தான் வரும்! மொத்தம் சரி எண்டு மூண்டு மாசம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. கிளையின்ரை சொந்த ஷீற்றில இருக்கிற கொலம் மொத்தத்தோட மாஸ்ரரில அந்தக் கிளைக்கு வாற கொலம் மொத்தத்தை ஒவ்வொண்டா ஒப்பிட்டாத்தான் பிடிபடும். ஓர்டர் முக்கியம்.

நெல்லியடியான்: அது ஒட்டினவன்ரை பிழை, நான் சொன்னது பவர் குவரி. ஃபோல்டரில நாலு ஃபைலையும் போட்டு இணைச்சா ஓர்டர் தேவையில்லை, எத்தினை தரம் சொல்லுறது.

கொக்குவில்காரன்: VSTACK போடுங்கோவன் ரெண்டு பேரும், ஒரு வரியில முடிஞ்சுது.

சுன்னாகத்துக் கணக்கர்: VSTACK தலைப்பையே பாக்காது தம்பி, முதல் கொலத்துக்குக் கீழ முதல் கொலம், அவ்வளவுதான். திரும்பவும் அதே கழிவு கதைதான் வரும். அதோட எங்கட கந்தோரில இருக்கிறது 2016, அதில VSTACK எண்டொண்டே இல்லை. ஓர்டர் முக்கியம் எண்டு சும்மாவே சொல்லுறன்?

மானிப்பாய் அக்கா: தம்பி நெல்லியடி, பேரைப் பாத்துச் சேர்க்கிறது உண்மை, ஆனா பேர் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. "கழிவு" எண்டதுக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் கிடந்தாலே அதுக்கு அது வேற கொலம். இன்னொண்டு, ஃபோல்டரில இருந்து இணைக்கேக்கை அது முதல் ஃபைலைத்தான் மாதிரியா எடுக்கும். அந்த மாதிரியில இல்லாத கொலம் மற்ற ஃபைலில இருந்தா சத்தமில்லாமல் விழுந்திடும், எரர் ஒண்டும் காட்டாது. எங்களுக்கு ஒரு கிளைப் பிள்ளை தலைப்பைப் பாமினியில அடிச்சு அனுப்பினவ. கண்ணுக்கு "விற்பனை" எண்டுதான் தெரியுது, உள்ளுக்க கிடக்கிறது இங்கிலிஷ் எழுத்து. அந்தக் கிளைக்கு விற்பனை முழுக்க null. நான் இப்ப Transform Sample File இல இதைப் போட்டு வைச்சிருக்கிறன்:

```
t = Table.TransformColumnNames(Source, Text.Trim),
r = Table.SelectColumns(t, {"திகதி","விற்பனை","திரும்பினது","கழிவு","நிகரம்"})
```

Source எண்ட இடத்தில உங்கட தலைப்பை ஏத்தின ஸ்ரெப்பின்ரை பேரைப் போடோணும். ஓர்டரும் இதிலயே சரியாகும், பேர் பிழைச்ச ஃபைல் எரரோட நிக்கும். பாமினியை ட்ரிம் திருத்தாது, ஆனா காட்டிக்குடுக்கும்.

நெல்லியடியான்: கடைசியில MissingField.UseNull போட்டா எரரும் வராதே அக்கா.

மானிப்பாய் அக்கா: வராது, அதாலதான் போடேல்லை. பிழையை மூடி வைச்சிட்டு null ஐ ஆர் பிறகு தேடுறது?

சுன்னாகத்துக் கணக்கர்: பாத்தியளே, அக்காவும் ஓர்டரைத்தான் கட்டுறா!

நெல்லியடியான்: ஐயோ அது குவரி கட்டுறது, கிளைப் பெடியள் இல்லை. நான் சொன்னதும் அதுதானே!!

சாவகச்சேரியான்: எனக்கும் உந்தப் பிரச்சினை இருக்கு, திகதிப்படி அடுக்கினா 10ஆம் திகதி 2ஆம் திகதிக்கு முன்னால வருது, இதுக்கும் ஓர்டர்தானோ காரணம்?

சுன்னாகத்துக் கணக்கர்: உங்கட திகதி எழுத்தாக் கிடக்குது, அது வேற கதை, இஞ்ச கதைக்கிறது கொலம். வாசிச்சிட்டுக் கேளுங்கோ.

கொக்குவில்காரன்: 2026 ஆகியும் பாமினியில அடிக்கினமோ, யூனிகோட் வந்து எத்தினை வருசம். முதல்ல அந்தப் பிள்ளையை நிப்பாட்டுங்கோ.

மானிப்பாய் அக்கா: அந்தப் பிள்ளை நிமிசத்துக்கு எத்தினை சொல் அடிப்பா எண்டு தெரியுமோ உங்களுக்கு? VSTACK சொன்ன வாயால ஆளை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ.

சுன்னாகத்துக் கணக்கர்: பாமினியை விடுங்கோ. நான் கிளையளுக்கு ஒரே ஷீற்றைத்தான் குடுக்கிறனான், முதல் வரி லொக் பண்ணி, கொலம் செருகேலாதபடி பாஸ்வேட்டும் போட்டு. ஓர்டர் மாறாது, உந்தக் குவரி ஒண்டும் தேவைப்படாது.

நெல்லியடியான்: போன மாசம் உங்கட பாஸ்வேட்டை மறந்துபோய் இதே இடத்தில கேட்டது ஆர் அண்ணை?

சுன்னாகத்துக் கணக்கர்: அது மருமோனுக்காகக் கேட்டது. கதையை மாத்தாதை. ஓர்டர் முக்கியம்.

நெல்லியடியான்: இல்லை.