ஒரே 40,000 ஸ்டைபண்ட், கைக்கு வந்தது வேறு வேறு தொகை: பெங்களூரு அனுபவங்கள்

பெல்லந்தூர்
2024 ஜூலை முதல் டிசம்பர் வரை இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். கடிதத்தில் மாதம் 40,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். வங்கிக் கணக்கில் விழுந்தது 36,000. என் அறைத்தோழிக்கு வேறொரு நிறுவனத்தில் அதே 40,000 ஸ்டைபண்ட், ஆனால் அவளுக்கு 38,000 வந்தது. இரண்டு சம்பளச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் ஒரே ஒரு பிடித்தம்: பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியான TDS 4,000. அவளுடையதில் TDS என்ற இடத்தில் பூஜ்யம். அதற்குப் பதிலாக வருங்கால வைப்பு நிதியான PF 1,800, தொழில் வரியான PT 200.

மனிதவளத் துறையில் கேட்டதற்கு "ஸ்டைபண்டுக்கு வரி உண்டு" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் நான் பெற்றது 2,40,000. அந்த ஆண்டு புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. பிறகு எதற்கு 24,000 பிடித்தார்கள் என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. 2025 ஆகஸ்டில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து பணம் முழுவதும் திரும்பி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. இதே நிலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மல்லேஸ்வரம்
ஸ்டைபண்டுக்கு வரியே இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவைப் பாருங்கள், கல்வி உதவித்தொகைக்கு முழு விலக்கு. நான் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவன். மாதாமாதம் வரும் ஆய்வு உதவித்தொகையில் ஒரு பைசா பிடித்ததில்லை. உங்கள் நிறுவனம் சட்டம் தெரியாமல் பிடித்திருக்கிறது.

ஜெயநகர்
மல்லேஸ்வரம் தம்பி, உங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. படிப்பதற்காகத் தரப்படும் பணம் அது. இவர் நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறார், அதற்குப் பணம் வாங்கியிருக்கிறார். பெயர் ஸ்டைபண்ட் என்பதால் 10(16) வந்துவிடாது. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் பல ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு சீட்டுகளும் வேறுபடுவதற்குக் காரணம், இன்டர்னை நிறுவனம் எந்தப் பெட்டியில் போட்டது என்பதுதான். ஊழியராகப் பதிந்தால், ஆண்டு முழுவதற்குமான உத்தேச வருமானத்தைக் கணக்கிட்டு வரி வந்தால் மட்டுமே பிடிக்க வேண்டும். 2,40,000-க்கு வரி வராது, ஆகவே TDS பூஜ்யம். சம்பளம் என்பதால் வருங்கால வைப்பு நிதியும் பிடித்திருக்கிறார்கள். 25,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளத்துக்குக் கர்நாடகத்தில் 2024-இல் தொழில் வரி மாதம் 200. அறைத்தோழிக்கு நடந்தது இது. அந்த 1,800 அவருடைய பெயரிலேயே இருக்கிறது. அடுத்த வேலையில் யுஏஎன் என்ற அதே வைப்பு நிதி எண்ணைக் கொடுத்தால் கணக்கு தொடரும்.

பெல்லந்தூர் தங்கையின் நிறுவனம் அவரைத் தொழில்முறை ஆலோசகர் போலக் கருதி 194J பிரிவில் பணம் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவில் அன்று ஆண்டுக்கு 30,000 ரூபாயைத் தாண்டினாலே 10 சதவீதம் பிடித்தாக வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000. வாங்குபவருக்கு வரி வருமா என்பதை நிறுவனம் பார்ப்பதே இல்லை. எனவே மாதம் தவறாமல் சரியாகப் பத்தில் ஒரு பங்கு போய், PF-உம் PT-யும் இல்லாமல் இருந்தால் 194J என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே பிரிவு எண் இருக்கும். 192 என்றால் சம்பளம்.

ஒயிட்ஃபீல்ட்
ஆரம்பத்திலேயே எனக்கு வரி வராது என்று சொல்லும் 15G படிவம் கொடுத்திருந்தால் பிடித்தே இருக்க மாட்டார்கள். என் அப்பா வைப்புத்தொகைக்கு வங்கியில் ஆண்டுதோறும் அதைத்தான் கொடுக்கிறார்.

ஜெயநகர்
வட்டிக்குச் செல்லும், 194J-க்குச் செல்லாது. குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையிடம் சான்றிதழ் கேட்க 13 என்றொரு படிவம் உண்டு. ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. பான் எண்ணை மட்டும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அது இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதம்.

மாரத்தஹள்ளி
எனக்கு நடந்தது நேர்மாறானது. அதே 2024 ஜூலையில் மாதம் 80,000 ஸ்டைபண்ட், நிறுவனம் ஊழியராகப் பதிந்தது. ஆறு மாதத்தில் 4,80,000 வந்தது, வரி பிடிக்கவில்லை. 2025 ஜனவரியில் மாதம் 1,50,000 சம்பளத்தில் வேறு நிறுவனத்தில் சேர்ந்தேன். மார்ச் வரை 4,50,000. அவர்களும் தாங்கள் கொடுத்ததை மட்டும் கணக்கிட்டதால் வரி பிடிக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் 7 லட்சத்துக்குள், வரித் தள்ளுபடியில் அடங்கிவிடும். சேர்த்தால் 9,30,000! நிலையான கழிவு 75,000 போக 8,55,000. இதற்கு வரி 35,500, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 36,920. இத்தனையும் தாக்கல் செய்யும்போது ஒரே மூச்சில் கட்ட வேண்டியிருந்தது, வட்டி தனி. புது நிறுவனத்தில் யாரும் முந்தைய வருமானத்தைக் கேட்கவில்லை.

ஜெயநகர்
அதற்குத்தான் 12B படிவம். ஆண்டின் நடுவில் சேருபவர் முந்தைய இடத்தின் சம்பளத்தையும் பிடித்தத்தையும் அதில் எழுதிக் கொடுத்தால், புது நிறுவனம் மீதி மாதங்களில் வரியைப் பிரித்துப் பிடித்துவிடும். இதே 80,000-ஐ 194J-இல் வாங்கியிருந்தால் 48,000 ஏற்கெனவே போயிருக்கும்; 36,920 வரி போக 11,080 திரும்பி வந்திருக்கும். பிடித்தம் இல்லாத சீட்டு நல்ல சீட்டு என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 2025-26-இல் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாக உயர்ந்திருக்கிறது, ஆகவே இப்போது சேருபவர்களில் பலருக்கு இந்தச் சிக்கல் வராது.

பெல்லந்தூர்
நானும் 2025 ஜனவரியில் 70,000 சம்பளத்தில் சேர்ந்துவிட்டேன் அக்கா. மொத்தம் 4,50,000தான் என்பதால் தப்பித்தது. எனக்கு இன்னொரு குழப்பம் இருந்தது. ஸ்டைபண்டை "பிற வருமானம்" என்ற தலைப்பில் போட்டு ITR-1 படிவத்தில் தாக்கல் செய்தேன். என் வகுப்பு நண்பனின் ஆடிட்டர் அதைத் தொழில் வருமானமாகக் காட்டி, 44ADA-வின்கீழ் பாதியை மட்டும் வருமானமாக்கி ITR-4 போட்டார். இருவருக்கும் பணம் வந்தது. எது சரி?

ஜெயநகர்
நான் உங்கள் வழியைத்தான் சொல்வேன். படித்துக்கொண்டிருக்கும் மாணவர் தொழில் நடத்துகிறார் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. ஆனால் நிறுவனமே 194J-இல் காட்டிய பிறகு அது தொழில் வருமானம்தான் என்று வாதிடும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இந்திராநகர்
என்னுடையது சிறிய நிறுவனம். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று சீட்டுகளிலும் TDS 2,500 என்று இருக்கிறது. நவம்பர் பாதி வந்துவிட்டது, 26AS-இல் ஒன்றும் இல்லை. ஏமாற்றுகிறார்களா?

ஜெயநகர்
ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு நிறுவனம் அக்டோபர் 31-க்குள் கணக்கு கொடுத்திருக்க வேண்டும். அதன்பின் பதிவேற ஒருசில நாட்கள் ஆகும். நவம்பர் பாதியிலும் வெறுமையாக இருந்தால் இரண்டில் ஒன்று: கணக்கு கொடுக்கவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். சீட்டில் அச்சாகியிருக்கும் பான் எண்ணை முதலில் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, வரி பிடித்ததற்கான 16A சான்றிதழ் கேளுங்கள். தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். மூன்று சீட்டுகளையும் வங்கி அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் பிடித்துவிட்ட வரியை மறுபடி உங்களிடமே வசூலிக்க முடியாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 26AS-இல் ஏறாத தொகைக்கு ரீஃபண்ட் வாங்குவது கடினம்.

இந்திராநகர்
பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து மாறியிருக்கிறது. இன்றே எழுதுகிறேன்.