புதுப்பிப்பு: அப்பாவின் மாத்திரை போட்டோ வந்துவிட்டது

“சித்தப்பா, அப்பா சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பழைய சீட்டு தொலைந்துவிட்டது, வேலூர் டாக்டர் கேட்கிறார்.” மஸ்கட்டிலிருந்து நான் எழுதிய கடிதம் இது.

குடியாத்தத்திலிருந்து முதலில் வந்த படத்தில் மாத்திரைகள் மட்டும்தான் தெரிந்தன. “வெள்ளை பிரஷருக்கு, சிவப்பு சுகருக்கு. டாக்டருக்குத் தெரியாதா?” என்றார் சித்தப்பா. நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அட்டையின் பின்பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் பளபளத்து எழுத்து மறைந்ததால், ஜன்னலோரம் சாய்த்து மறுபடி எடுத்தார்.

அப்போதுதான் தெரிந்தது. வேறு வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டை, பொடி எழுத்தில் இரண்டிலும் டெல்மிசார்டன் 40 என்ற ஒரே பிரஷர் மருந்து. அப்பா காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட்டிருக்கிறார். எழுந்தால் தலைசுற்றுவது இதனாலும் இருக்கலாம் என்ற டாக்டர், உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்து ஒன்றை நிறுத்தினார். நடுவில் அத்தை தன் முட்டிவலி மாத்திரையையும் படமெடுத்து அனுப்பிவிட்டார், அது தனிக்கதை.

கடையில் வெட்டிக் கொடுத்த ஓர் அட்டையில் ‘500’ மட்டும்தான் மிச்சம். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் என்கிறார் சித்தப்பா. டாக்டர் ஊகிக்க மறுக்கிறார். கடைக்காரர் பழைய பில்லைத் தேடுகிறார்.