வள்ளி திருமணம் நாடகத்தில் முகம் வெளுத்ததும் கறுத்ததும்: என் அனுபவம்

காரைக்குடித் தம்பி:
போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் எடுத்தேன். பின்னால் கறுப்புப் படுதா, மேலே இரண்டு ஸ்பாட் லைட், வேறு வெளிச்சம் கிடையாது. அபர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ 3200. மேட்ரிக்ஸ் மீட்டரிங்கில் ஷட்டர் 1/60 என்று வந்தது. வள்ளியின் முகத்தில் கண்ணும் பொட்டும் மட்டும்தான் மிஞ்சின, மற்றதெல்லாம் வெள்ளை. மேடை என்றால் மைனஸ் வை என்று கேட்டிருந்ததால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் மைனஸ் 1.3 வைத்தேன். 1/160 ஆனது, அப்போதும் கன்னம் வெளுத்துத்தான் இருந்தது. சரி என்று ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாற்றினேன். இப்போது 1/1250 போனது, முகமெல்லாம் கறுத்துவிட்டது. ரா-வில் ஏற்றிப் பார்த்தால் கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஸ்பாட் சரியாகக் காட்டும் என்றார்களே, எங்கே தப்பு செய்தேன்?

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, நான் ஸ்பாட் பக்கமே போவதில்லை. மேட்ரிக்ஸ், மைனஸ் 2. பல வருஷமாக இதுதான், முகம் நன்றாகவே வருகிறது.

கானாடுகாத்தான் அக்கா:
தம்பி, மீட்டரை மாற்றினீர்கள், மைனஸை எடுக்க மறந்துவிட்டீர்கள். அந்த மைனஸ் கறுப்புப் படுதாவுக்காக வைத்தது. மேட்ரிக்ஸ் படுதாவையும் சேர்த்துப் பார்த்து, இடம் இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதைக் குறைக்கத்தான் மைனஸ். ஸ்பாட்டில் படுதா கணக்கிலேயே இல்லை. எதைக் காட்டுகிறீர்களோ அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

நாடகக்காரர்கள் முகத்தில் பவுடரும் ரோஸும் கனமாகப் போட்டிருப்பார்கள். அந்த முகம் நடுத்தரத்தைவிட வெளிச்சமானது, அதனால் ஸ்பாட்டில் கொஞ்சம் பிளஸ் வேண்டும். உங்கள் கணக்கையே பாருங்கள். மைனஸ் இல்லாமல் ஸ்பாட் 1/500 காட்டியிருக்கும். பிளஸ் 0.7 வைத்தால் 1/320. நீங்கள் எடுத்தது 1/1250, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு. புள்ளி வந்தது அதனால்தான். மேக்கப் போடாத நல்ல கறுத்த முகம் என்றால் நேர்மாறு: ஸ்பாட்டில் மைனஸ் 0.3, 0.7 என்று இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நிறத்தையே வெளுக்கடித்துவிடும்.

இன்னொன்று, எங்கே அளக்கிறீர்கள் என்பது. நான் ஒருமுறை நாரதரின் நெற்றியில் அளந்தேன். ஸ்பாட் அளக்கும் வட்டம் விபூதிப் பட்டையில் விழுந்து முகம் முழுக்க இருண்டுவிட்டது. அப்புறம் கன்னத்தில்தான் அளக்கிறேன். பல கேமராக்களில் அந்த வட்டம் நடுவில்தான் இருக்கும், ஃபோகஸ் புள்ளியை நகர்த்தினாலும் கூட வராது. அதனால் கன்னத்தை நடுவில் கொண்டுவந்து அளந்து, அந்த எண்ணை அப்படியே மேனுவலில் போட்டுவிட்டு ஃப்ரேம் கட்டுங்கள்.

தேவகோட்டை அண்ணே, நீங்கள் சொல்வது ஒரே இடத்திலிருந்து ஒரே அளவு ஃப்ரேம் எடுக்கும்வரை சரி. ஜூம் செய்து முகத்தை நெருங்கினால் படுதா குறைந்துவிடும், அந்த மைனஸ் 2 அதிகமாகிவிடும்.

தேவகோட்டை அண்ணன்:
நான் பெரும்பாலும் முழு மேடையைத்தான் எடுப்பேன். குளோசப் எடுத்தால் அடிக்கடி இருண்டு வருவது உண்மைதான், லென்ஸ் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

பள்ளத்தூர்க்காரர்:
எனக்கும் இதே பிரச்சினை. வளவு வீட்டில் கல்யாண வரவேற்பு, பின்னால் எல்இடி திரை. மாப்பிள்ளை பெண் முகம் கறுத்துவிட்டது. நானும் மைனஸ் வைக்கவா?

கானாடுகாத்தான் அக்கா:
வேண்டாம், உங்களுக்குப் பின்னணிதான் வெளிச்சம். மைனஸ் வைத்தால் இன்னும் கறுக்கும். மேட்ரிக்ஸ் என்றால் பிளஸ் வையுங்கள், இல்லையென்றால் கன்னத்தில் ஸ்பாட் அளந்துவிடுங்கள்.

காரைக்குடித் தம்பி:
அக்கா, நேற்று இன்னொரு ஊரில் எடுத்தேன். கன்னத்தில் அளந்து மேனுவலில் 1/320. வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணிய நேரம் முழுக்க ஒரே எண். கண் மையும் மூக்குத்தியும் ரோஸும் தனித்தனியாகத் தெரிகின்றன. கேமராவின் பின்திரையில், வெளுத்துப்போன இடம் என்று நெற்றிச்சுட்டி மட்டும் மினுக்கியது, முகம் மினுக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஆனால் முருகன் மேடை ஓரம் ஒதுங்கியதும் அதே எண்ணில் இருண்டுவிட்டார். இரண்டாவது அளவு 1/100 வந்தது, அதை நினைவில் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தேன்.

தீராதது ஒன்று உண்டு. சிவப்பு எல்இடி விழுந்தபோது மீட்டர் சரி என்றது, முகமோ கன்னம் மூக்கு எதுவும் பிரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வந்தது.

கானாடுகாத்தான் அக்கா:
அங்கே சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பிவிடுகிறது. மொத்த ஹிஸ்டோகிராம் காட்டாது, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். நான் ஒரு ஸ்டாப் குறைக்கிறேன், சில நேரம் அதுவும் போதுவதில்லை.

தேவகோட்டை அண்ணன்:
நான் அந்த வெளிச்சம் மாறும்வரை கேமராவை இறக்கி வைத்துவிடுவேன்.