வேர்க்கடலை வெளியே கருகுகிறது, உள்ளே பச்சையாகவே இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

திண்டுக்கல் கற்றுக்குட்டி

மாமனார் ஊரிலிருந்து உடைத்த பச்சை வேர்க்கடலை இரண்டு கிலோ கொடுத்து அனுப்பினார். தோலோடு இருக்கிறது, இந்த அறுவடைக் கடலை. கடலை உருண்டை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இதுவரை மூன்று முறை வறுத்து மூன்றும் கெட்டுப்போனது. வைத்திருப்பது அம்மா கொடுத்த கனமான இரும்பு வாணலி.

முதல் முறை அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டி, பெரிய தீயில் எட்டு நிமிடம் வறுத்தேன். தோல் கரும்புள்ளியாகிவிட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை, வாயில் போட்டால் பச்சை வாடை.

இரண்டாம் முறை தீயைக் குறைத்தேன். நடுவில் போன் வந்தது, இரண்டு மூன்று நிமிடம் கிளறவில்லை. அடியில் இருந்தவை ஒரு பக்கம் மட்டும் கருகின.

மூன்றாம் முறைதான் புரியவே இல்லை. சிறு தீயில் ஒழுங்காகக் கிளறினேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன், மெத்தென்று இருந்தது. இன்னும் மூன்று நிமிடம் விட்டேன். அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது. நிறம் நன்றாக வந்துவிட்டதே என்று அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மொத்தமும் காப்பிக்கொட்டை நிறம், ஒரே கசப்பு. அணைத்த அடுப்பில் எப்படிக் கருகும்?

மீதி முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. இதையும் கெடுத்தால் மாமனாரிடம் என்ன சொல்வது?

மாடிவீட்டு மணி

கடலையைத் திரும்ப ஏன் வறுக்கிறீர்கள்? கடையில் வாங்கும்போதே அது வறுத்ததுதானே. லேசாகச் சூடு காட்டிப் பாகில் போட்டால் போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம், ஒருநாளும் கருகியதில்லை.

திண்டுக்கல் கற்றுக்குட்டி

அண்ணா, நீங்கள் சொல்வது பொட்டுக்கடலை. நான் கேட்பது வேர்க்கடலை.

மாடிவீட்டு மணி

அட, ஆமாம். மன்னிக்கவும்.

உப்புமூட்டை

சகோதரி, வண்டிக்காரர் எதில் வறுக்கிறார் என்று பார்த்ததில்லையா? மணலில். வீட்டில் மணலுக்குப் பதில் உப்பு. இரண்டு கை உப்பை வாணலியில் போட்டுச் சூடாக்கி அதில் கடலையைக் கொட்டுங்கள். எவ்வளவு தீ வைத்தாலும் கருகவே கருகாது. ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

பட்டறைப் பழனி

நான் கோவில்பட்டிப் பக்கம் கடலை மிட்டாய்ப் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். அங்கே டிரம்மில் வறுப்போம், அது வேறு கணக்கு. ஆனால் வீட்டு வாணலியில் செய்யும் தப்பும் பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் செய்யும் தப்பும் ஒன்றுதான்.

தங்கச்சி, உங்கள் மூன்றாம் முறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது. சூடான கடலை ஒருபோதும் மொறுமொறுவென்று இருக்காது. நன்றாக வறுபட்டதும் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகுதான் முறுகும். நீங்கள் வாணலியிலேயே மொறுமொறுப்பைத் தேடிக் காத்திருந்தீர்கள், அதற்குள் அது பதம் தாண்டிவிட்டது. அதற்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டுக் கடலையை உள்ளேயே விட்டுவிட்டீர்கள். அந்தக் கன இரும்பு தீ இல்லாமலே இன்னும் பல நிமிடம் சுட்டுக்கொண்டிருக்கும். கடலைக்குள் இருக்கும் சூடும் லேசில் இறங்காது. குவியலாகக் கிடந்தால் ஒன்றை ஒன்று வறுக்கும்.

அதனால் வாயை நம்பாதீர்கள், உடைத்துப் பாருங்கள். இரண்டு கடலையை எடுத்துத் தட்டில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். தோலைத் தேய்த்தால் சுலபமாக உரிய வேண்டும். பருப்பைப் பிளந்தால் உள்முகம் பச்சை வெள்ளையாக இல்லாமல் இளமஞ்சளாக இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி குறைவாக இருக்கும்போதே இறக்க வேண்டும். மீதி ஒரு படி முறத்தில் கிடக்கும்போது தானாக வந்துவிடும்.

இனி முதல் முறை. பெரிய தீ வைத்தால் தோலுக்குச் சூடு உடனே வரும், பருப்பின் நடுவுக்குப் போக நேரமாகும். உள்ளே சூடு போய்ச் சேர்வதற்குள் மேலே கரியாகிவிடும். உங்களுடையது புதுக்கடலை வேறு, ஈரம் கூட இருக்கும். அரைக் கிலோவை ஒன்றாகக் கொட்டினால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது வெறும் ஆவியில் வேகும்.

இப்படிச் செய்யுங்கள். கடலையை அரைநாள் வெயிலில் காயவையுங்கள். சுருங்கியது, உடைந்தது, பொடிசு எல்லாவற்றையும் புடைத்துத் தள்ளுங்கள். பூஞ்சை பிடித்ததோ நிறம் மாறியதோ இருந்தால் குப்பையில் போடுங்கள், வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவைக்குக் கால் கிலோ மட்டும். வாணலியில் இரண்டு கடலை உயரத்துக்கு மேல் குவியக் கூடாது.

வெறும் வாணலியை நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் வையுங்கள். கடலையைக் கொட்டியதும் தீயைச் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடையில் வைத்துவிடுங்கள். முதல் நாலைந்து நிமிடம் எதுவும் நடக்காதது போல் இருக்கும். ஈரம் போகும் நேரம் அது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டுவது இங்கேதான். கூட்டாதீர்கள், அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். அப்புறம் சடசடவென்று சத்தம் ஆரம்பிக்கும், தோலில் அங்கங்கே புள்ளி விழும். அதற்குப் பிறகு ஒரு விநாடிகூடக் கையை எடுக்கக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும். பத்தாவது நிமிடத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடைத்துப் பாருங்கள். பன்னிரண்டு நிமிடத்துக்குள் பதம் வந்துவிடும். உடனே முறத்திலோ அகலத் தட்டிலோ கொட்டிப் பரப்புங்கள்.

உப்பு சொன்ன தம்பிக்கு: உப்பு நல்ல வழிதான், சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். ஆனால் ‘கருகவே கருகாது’ என்று சொல்லாதீர்கள். உப்பும் சூட்டைப் பிடித்து வைக்கும். கிளறாமல் விட்டாலும் சலிக்கத் தாமதித்தாலும் கருகத்தான் செய்யும். உருண்டைக்கு என்றால் கொஞ்சம் உப்பு ஒட்டிக்கொண்டு பாகில் கரிக்கும்.

உப்புமூட்டை

நான் கொறிக்கத்தான் செய்வேன், உருண்டைக்குப் போட்டதில்லை. கரிக்கும் என்பது சரிதான். ஆனால் ஐந்து நிமிடம் என்பதில் மாற்றமில்லை.

பட்டறைப் பழனி

உங்கள் கடலை பழசாக, காய்ந்ததாக இருக்கும் தம்பி. புதுக்கடலையில் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எள்ளுப்பொடி ரசிகை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே கதைதான், ஆனால் எள்ளில். இட்லிப் பொடிக்குக் கறுப்பு எள்ளு வறுக்கிறேன். கறுப்பில் கருகியது எப்படித் தெரியும்? பொடித்த பிறகுதான் கசப்பு தெரிகிறது. மொத்தப் பொடியும் வீணாகிறது.

பட்டறைப் பழனி

எள்ளு என் வேலை இல்லை அம்மா, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அடுப்பங்கரை ஆச்சி

கறுப்பு எள்ளோடு ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளைக் கலந்துகொள் கண்ணு. வெள்ளை இளம்பொன்னிறமானால் கறுப்பும் ஆயிற்று என்று அர்த்தம். எள்ளைக் களைந்து அப்படியே வாணலியில் போடாதே, நன்றாக வடித்து உலர்த்திவிட்டுப் போடு. நூறு கிராமுக்குச் சிறு தீயில் நாலைந்து நிமிடம் போதும். பொரிய ஆரம்பித்துச் சத்தம் மும்முரமாகும்போது இரண்டை எடுத்து விரலில் நசுக்கு. பொடிந்தால் இறக்கிவிடு. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் கசந்துபோகும். அடுப்புக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு ஆரம்பி. எள்ளு கருகும் நேரத்தில் தட்டைத் தேடி ஓட முடியாது.

கடலைக்கு நான் உப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவைத்துத்தான் வறுப்பேன். தோல் சீக்கிரம் கருகாது.

பட்டறைப் பழனி

ஆச்சி, கொறிக்கும் கடலைக்கு அது சரி. தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும், உப்பும் பிடிக்கும். உருண்டைக்குத் தோல் உரிய வேண்டுமே. தண்ணீர் காயும் நேரமும் சேர்ந்துகொள்ளும்.

அடுப்பங்கரை ஆச்சி

நாங்கள் உருண்டைக்கும் தோலோடுதான் போடுவோம்.

ஓவன் ஒண்டிக்கட்டை

நான் தனியாள், வாணலி முன்னால் பன்னிரண்டு நிமிடம் நிற்கப் பொறுமை இல்லை. சிறிய மின்சார ஓவன் இருக்கிறது. 180 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தேன், மேல் பக்கம் மட்டும் கருகியது. கிளறாமல் வறுக்க வழி உண்டா?

உருளைத் தட்டு

கிளறாமல் முடியாது, குறைவாகக் கிளறலாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வைத்திருப்பீர்கள். சின்ன ஓவனில் மேல் கம்பி கடலைக்கு மிக அருகில் இருக்கும். கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, 160 டிகிரிக்கு முன்சூடு செய்து, நடுத்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை வெளியே எடுத்துக் கிளறி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வையுங்கள். என் ஓவனில் இருபது நிமிடத்தைத் தொடும். உங்களுடையதில் பதினைந்திலிருந்தே உடைத்துப் பாருங்கள். கறுப்புத் தட்டு என்றால் இன்னும் சீக்கிரம் ஆகும். முடிந்ததும் அதே தட்டில் ஆறவிடாதீர்கள், மேலே பழனி அண்ணன் சொன்ன வாணலிக் கதைதான் நடக்கும்.

முந்திரியை இந்தக் கணக்கில் வைத்துவிடாதீர்கள். அது பத்து நிமிடத்திலேயே நிறம் மாற ஆரம்பிக்கும், பாதியாக உடைந்தது அதற்கும் முன்னால்.

திண்டுக்கல் கற்றுக்குட்டி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வெயிலில் காயவைத்து, மதியம் வறுத்தேன். கால் கிலோ கால் கிலோவாக மூன்று தடவை.

முதல் தடவை ஆறாவது நிமிடத்தில் சடசட சத்தம் வந்தது. பதினொன்றாவது நிமிடத்தில் உடைத்துப் பார்த்தேன், இளமஞ்சள். ‘இது போதாதே’ என்று கை தயங்கியது, ஆனாலும் முறத்தில் கொட்டிவிட்டேன். கால் மணி நேரம் கழித்துக் கடித்தால் மொறுக்கென்று உடைகிறது! நிறமும் ஒரு படி ஏறியிருந்தது. கையில் தேய்த்து ஊதினால் தோல் பறக்கிறது.

இரண்டாம் தடவை அதே பதினொரு நிமிடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஒன்பதாவது நிமிடத்தில் வாசனை மாறியது போல் இருந்ததால் உடைத்துப் பார்த்தேன். பதம் வந்துவிட்டிருந்தது. மூன்றாம் தடவையும் ஒன்பதுக்குள் முடிந்தது. ஏன் இப்படி?

இன்னொன்று. புடைத்த பிறகும் நாலைந்து பொடிக் கடலை தப்பி உள்ளே போய்க் கருகியிருந்தன, கையால் பொறுக்கினேன்.

பட்டறைப் பழனி

இரண்டாம் தடவைக்கு வாணலி ஏற்கெனவே காய்ந்து கிடந்தது, அவ்வளவுதான். அடுத்த தடவைக்கு முன் அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் முதலிலிருந்தே தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிமிடக் கணக்கு உங்கள் வாணலிக்கும் உங்கள் கடலைக்கும் தகுந்தபடி மாறும். பொடிக் கடலையைப் பொறுக்கியது நல்லது. கருகிய ஒன்று போதும், அந்த உருண்டை முழுக்கக் கசக்கும்.

எள்ளுப்பொடி ரசிகை

ஆச்சி, வெள்ளை எள்ளுக் கலந்து வறுத்தேன், கசப்பு இல்லை. ஆனால் பாதி எள்ளு வாணலியிலிருந்து தெறித்து அடுப்பெல்லாம் கிடக்கிறது. மூடி போட்டு வறுக்கலாமா?

அடுப்பங்கரை ஆச்சி

மூடாதே, வியர்த்து நமத்துவிடும். குழிவான வாணலியாகப் பார்த்து எடு. அப்போதும் கொஞ்சம் தெறிக்கத்தான் செய்யும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

திண்டுக்கல் கற்றுக்குட்டி

உருண்டை பிடித்துவிட்டேன். கடலை பிரமாதம், பாகு முற்றிப்போய்க் கல்லாகிவிட்டது. அதற்குத் தனி இழை போடுகிறேன்.